பூஜ்யம் டிகிரியில் பெய்வது எது?

வெப்பநிலை பூஜ்யம் டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும் நாளில் மழை வருமா, வெண்பனி வருமா என்பதைத் தரையிலுள்ள வெப்பமானியைவிட மேலேயுள்ள காற்றடுக்குகளே முடிவு செய்கின்றன. குளிர்நாட்டு மழை பெரும்பாலும் மேகத்தில் பனிப்படிகமாகவே பிறக்கிறது. வழிநெடுக உறைகுளிர் நிலவினால் அது வெண்பனியாகவே இறங்கும், தரையருகே சில நூறு மீட்டர் உயரத்துக்கு வெப்பக் காற்று இருந்தால் உருகி மழையாகும்.

இடைநடுவே ஒரு வெப்ப அடுக்கு நுழையும்போதுதான் கணிப்பு கடினமாகிறது. அங்கே அரைகுறையாக உருகிய படிகம், கீழுள்ள குளிர் அடுக்கில் எளிதில் மீண்டும் உறைந்து, சன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் பனிக்கட்டி மணியாகிறது. முழுதும் உருகிய துளியோ, கீழடுக்கு மெலிதாயின், பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நீராகவே வந்து, பட்ட இடத்தில் கண்ணாடிப் படலமாக உறைகிறது. இதுவே உறைமழை; மழை, வெண்பனி, பனிக்கட்டி மணி, உறைமழை ஆகிய நான்கினுள் மிக ஆபத்தானதும் இதுவே எனலாம்.

1998 சனவரியில் கனடாவின் மொன்றியல் பகுதியில், செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கில் தேங்கிய குளிர்காற்றின் மேல் தெற்கிலிருந்து ஈரமான வெப்பக் காற்று ஏறியதால், உறைமழை நாள்கணக்கில் நீடித்து, பனிக்கட்டியின் பாரத்தால் மின்கோபுரங்கள் சரிந்தன.

காற்றடுக்குகளை அளக்க வானிலையாளர்கள் கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிடுகின்றனர். ஆயினும் வெப்ப அடுக்கு ஒரு டிகிரி பிசகினாலே கணிப்பு மாறிவிடும்.