‘வார்ம்’ என்று சொன்னால் போதாது

குறும்படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கதை நடப்பது சித்திரை மாத வறட்சியில். படம் பிடித்ததோ கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு. வெள்ளை வேட்டி கட்டிய தாத்தா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி எங்கும் பச்சை. இயக்குநர் எடிட்டரிடம், “நல்லா வார்மா, சினிமாட்டிக்கா பண்ணிடுங்க” என்கிறார்.

எடிட்டர் நிற வெப்பத்தை மஞ்சள் பக்கம் தள்ளுகிறார். இலையோடு சேர்ந்து வேட்டியும் மஞ்சளாகிறது. வானத்தின் நீலம் வெளுக்கிறது. தாத்தா காமாலை கண்டவர் போலத் தெரிகிறார். பச்சை மட்டும் இன்னும் பச்சையாகவே இருக்கிறது. சொன்னதைத்தான் எடிட்டர் செய்தார். சொன்ன விதம்தான் சரியில்லை.

இதே சிக்கலை ஹாலிவுட்டும் சந்தித்தது. ஜோயல், ஈதன் கோயன் சகோதரர்களின் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ 2000-இல் வெளியானது. கதைக்களம் 1937-இன் மிசிசிப்பி. புழுதி பறக்கும் வறண்ட நிலமும் பழைய, கையால் வண்ணம் தீட்டிய புகைப்படத்தின் சாயலும் அவர்களுக்கு வேண்டும். படப்பிடிப்பு நடந்த கோடையிலோ அந்த ஊர் பச்சைப்பசேலென்று இருந்தது. ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் முதலில் ஃபிலிம் லேபின் ரசாயன முறைகளைச் சோதித்துப் பார்த்தார். லேபில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகளின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் எதைத் தொட்டாலும் முழுச் சட்டகமும் சேர்ந்து மாறும். அதனால் நெகட்டிவை ஸ்கேன் செய்து, கணினியில் பச்சையை மட்டும் பிரித்தெடுத்து, காய்ந்த மஞ்சளாக மாற்றினார்கள். முழுப் படத்தையும் இப்படிக் கணினியில் வண்ணம் திருத்திய முதல் படங்களில் அதுவும் ஒன்று. இன்று நம் சினிமாவில் ‘டிஐ’ என்று சொல்வது இந்த வேலையைத்தான்.

அன்று அவர்கள் செய்ததை இன்று வீட்டுக் கணினியிலேயே செய்யலாம். எடிட்டருக்கு வேண்டியது மனநிலையைச் சொல்லும் சொல் அல்ல. சட்டகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் என்ன நிறமாக வேண்டும் என்ற தகவல். அந்தக் குறும்படத்துக்கு இப்படி எழுதிக் கொடுக்கலாம்:

“நேரம் உச்சி வெயில். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தூக்கலாக இருக்கட்டும். ஆனால் மரத்தடி நிழலில் வேட்டியின் மடிப்பு தெரிய வேண்டும். இலையும் புல்லும் வைக்கோல் நிறத்துக்குப் போகட்டும். அவற்றின் நிற அடர்த்தி இப்போது இருப்பதில் பாதி போதும். வானம் நீலம்தான், கொஞ்சம் வெளிறியது. வேட்டி வெள்ளையாகவே இருக்கட்டும். தாத்தாவின் தோல் நிறத்தைத் தொட வேண்டாம்.”

ஒவ்வொரு வரிக்கும் எடிட்டரிடம் ஒரு கருவி இருக்கிறது. ஷாட்டுகளை ஒன்றுக்கொன்று சமன் செய்தபின் வெளிச்சம், நிழல் பற்றிய வரிக்காக கான்ட்ராஸ்டைத் தொடுவார். கான்ட்ராஸ்ட் கூடினால் நிறமும் தானாக அடர்த்தியாகும் என்பதால் அதை முதலில் முடிப்பது நல்லது. இலை, புல் பற்றிய வரிக்கு, டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் Hue vs Hue என்ற வளைகோட்டில் பச்சையை மஞ்சளை நோக்கி நகர்த்துவார். Hue vs Sat வளைகோட்டில் அதன் அடர்த்தியைக் குறைப்பார்.

கடைசி இரண்டு வரிகளைத்தான் பலரும் எழுத மறந்துவிடுகிறார்கள். எது மாறக்கூடாது என்று சொன்னால்தான் எடிட்டருக்கு எல்லை தெரியும். நிறவட்டத்தில் பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள், அதற்கு அடுத்து நம் தோலின் ஆரஞ்சு. பச்சையைப் பிடிக்கும் வலை கொஞ்சம் அகலமானாலும் முகம் அதில் சிக்கிக்கொள்ளும். அதே ஷாட்டில் மஞ்சள் பூசிய முகமோ பச்சைச் சேலையோ இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த இடத்தை மாஸ்க் போட்டுத் தனியாகக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

ஃபுட்டேஜுக்கும் ஒரு வரம்பு உண்டு. சாதாரண போன் வீடியோ நிறத் தகவலைச் சுருக்கித்தான் சேமிக்கிறது. பச்சையை அதிகம் தள்ளினால் இலை ஓரங்கள் கட்டம் கட்டமாக உடையும். அதைக் கண்டால், நகர்த்திய அளவைக் குறைத்து அடர்த்தியை மட்டும் இன்னும் இறக்கச் சொல்லுங்கள். வறட்சி அதிலேயே பெரும்பாலும் வந்துவிடும்.

வேலை முடிந்ததும் முதலில் வேட்டியைப் பாருங்கள், பிறகு முகத்தைப் பாருங்கள், கடைசியாக இலையைப் பாருங்கள். வேட்டி மஞ்சளடித்தால் முழுச் சட்டகமும் சாயம் ஏறியிருக்கிறது என்று பொருள். அடுத்த முறை எடிட்டருக்கு ஃபுட்டேஜ் அனுப்பும்போது, மாற வேண்டிய பொருள்களின் பட்டியலோடு மாறக்கூடாதவற்றின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்.