சராசரி சொல்லாததை வேளைக் குறிப்பு சொல்லும்

கர்ப்பகாலச் சர்க்கரை நோய் இருப்பதாக அறிந்த தாய்மார்கள் பலர், வீட்டில் குளுக்கோமீட்டரால் பார்த்த அளவுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு பரிசோதனைக்கு வருகிறார்கள். சிலர் கருவி காட்டும் ஒரு வாரச் சராசரியை மட்டும் சொல்கிறார்கள். இவற்றைக் கொண்டு சிகிச்சையை முடிவு செய்வது கடினம். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

இரண்டு கர்ப்பிணிகளை எண்ணிக்கொள்வோம். இருவரும் நாளொன்றுக்கு நான்கு முறை, ஏழு நாள்கள் பார்த்திருக்கிறார்கள். இருவருடைய சராசரியும் சுமார் 110. பொதுவாக வெறும் வயிற்றில் 95-க்குக் குறைவாகவும், உணவுக்குப் பின் இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது இலக்கு. எனவே 110 என்றதும் இருவரும் நலம் என்றே தோன்றும்.

முதலாமவரின் அளவுகளை வேளைவாரியாகப் பிரித்து எழுதினால், வெறும் வயிற்றில் 84 முதல் 90 வரை இருக்கிறது. மதிய, இரவு உணவுக்குப் பின் 118-ஐத் தாண்டவில்லை. காலை உணவுக்குப் பின் மட்டும் 138, 142, 118, 145, 136, 116, 140. ஏழில் ஐந்து நாள்கள் இலக்கைத் தாண்டியிருக்கின்றன. அந்த ஐந்து நாள்களின் உணவைப் பார்த்தால், நான்கு இட்லி அல்லது தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்த சந்தகை. குறைந்திருந்த இரண்டு நாள்களில் இரண்டு இட்லியும் வேகவைத்த முட்டையும். நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையைப் போலவே இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். இவருக்கு முதலில் மாற்ற வேண்டியது காலைத் தட்டுதான்.

இரண்டாமவருக்கு உணவுக்குப் பின் எல்லா வேளையும் 113-ஐ ஒட்டியே இருக்கிறது. ஆனால் வெறும் வயிற்றில் தினமும் 102 அளவில் நிற்கிறது. இரவு முழுவதும் கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையை, நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களால் வலுவிழந்த இன்சுலின் அடக்க முடியாததே இதற்குக் காரணம். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் இது குறைவது அரிது. இவருக்கு மருந்தோ இரவு நேர இன்சுலினோ தேவைப்படலாம். சராசரி ஒன்று, சிகிச்சை இரண்டு.

ஆகவே ஒரு நோட்டில் ஆறு கட்டங்கள் வரையுங்கள்: தேதி, வெறும் வயிறு, காலை உணவுக்குப் பின், மதிய உணவுக்குப் பின், இரவு உணவுக்குப் பின், குறிப்பு. உணவுக்குப் பின் வரும் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று செய்திகள் இருக்கட்டும்: சாப்பிடத் தொடங்கிய நேரம், சாப்பிட்டது எவ்வளவு, சர்க்கரை அளவு. ‘சாதம்’ என்பதைவிட ‘ஒன்றரைக் கரண்டி அரிசிம்பருப்பு சாதம்’ என்பது பயன்படும். இன்சுலின் போடுபவர்கள் எத்தனை யூனிட் என்பதையும் எழுத வேண்டும்.

இரண்டு மணி நேரம் என்பதை முதல் கவளத்திலிருந்து கணக்கிட வேண்டும். கை கழுவிய பிறகு அல்ல. எட்டு மணிக்கு உண்ணத் தொடங்கினால் பத்து மணிக்குப் பார்க்க வேண்டும். இடையில் பாலோ பழமோ எடுத்தால் அந்த அளவு காலை உணவைக் காட்டாது. அவற்றைப் பத்து மணிக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவர் ஒரு மணி நேரத்தில் பார்க்கச் சொல்லியிருந்தால் இலக்கு 140-க்குக் கீழ். எந்த முறை என்பதை நோட்டின் மேலே எழுதுங்கள். விசைத்தறி, நூற்பாலை ஷிப்டுக்குச் செல்வோருக்கு உணவு நேரம் மாறும். அவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல், நீண்ட உறக்கத்துக்குப் பின் எழுந்து உண்ணும் முதல் உணவையே காலை உணவாகக் கொள்ளலாம்.

எதிர்பாராமல் ஒரு அளவு மிக உயர்ந்திருந்தால், கையை நீரில் கழுவித் துடைத்து மீண்டும் பாருங்கள். மாம்பழம் உரித்த விரலில் ஒட்டிய சாறே அளவை உயர்த்திக் காட்டும். இரண்டு எண்களையும் எழுதுங்கள். பார்க்கத் தவறிய வேளையை வெறுமையாக விடுங்கள். ஊகித்து நிரப்பினால் தேவையற்ற மருந்தோ, தேவையான மருந்து தாமதமாவதோ நேரும். திருமண விருந்தில் உயர்ந்திருந்தால் அழிக்காமல், காரணத்தைக் குறிப்பில் எழுதுங்கள்.

பரிசோதனைக்கு முந்தைய இரவு, இலக்கைத் தாண்டிய எண்களை வட்டமிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். வட்டங்கள் எந்தக் கட்டத்தில் கூடுகின்றன என்பதே மருத்துவரிடம் பேச வேண்டிய முதல் செய்தி. கருவியையும் கொண்டு வாருங்கள்; அதில் தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும்.

சிலவற்றுக்கு அந்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. வெறும் வயிற்றில் தொடர்ந்து மூன்று நாள்கள் 95-ஐத் தாண்டினால் தொலைபேசியில் தெரிவியுங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து குடித்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்த்துவிட்டு, அன்றே எங்களை அழையுங்கள்.