படத்தில் இருக்கும் பத்து மணி யாருடையது?

அலுவலக வாட்ஸப் குழுவில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்து விழுகிறது. அடுத்த மீட்டிங்குக்கான காலண்டர் அழைப்பு. நியூஜெர்சியில் இருக்கும் மேலாளர் தன் கம்ப்யூட்டர் திரையை அப்படியே படமெடுத்துப் போட்டிருக்கிறார். சென்னையில் ஒருவர், "அண்ணா, நமக்கு இது எட்டரைக்குத்தானே?" என்று கேட்கிறார். "இல்லப்பா, ஏழரை" என்கிறார் இன்னொருவர். இருவரும் அதே படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

மின்னஞ்சலில் வரும் அழைப்பு வேறு, அதன் படம் வேறு. அழைப்புக்குள் நேரத்தோடு அது எந்த ஊர் நேரம் என்பதும் பதிந்திருக்கும். அதைச் சென்னையில் திறந்தால் சென்னை மணி தெரியும், லண்டனில் திறந்தால் லண்டன் மணி தெரியும். கணக்கை காலண்டரே போட்டுவிடும். படமெடுத்த கணத்தோடு அந்த வசதி போய்விடுகிறது. படத்தில் இருப்பது எடுத்தவர் ஊர் மணி மட்டுமே. யார் பார்த்தாலும் அது மாறாது.

எனவே இப்படி ஒரு படம் கைக்கு வந்தால் மணியைப் பார்ப்பதற்கு முன் நேர மண்டலம் எங்கே எழுதியிருக்கிறது என்று தேட வேண்டும். கூகுள் காலண்டரின் வாரப் பக்கம் என்றால் கட்டங்களின் இடது மேல் மூலையில் `GMT-04` என்பதுபோல் சின்ன எழுத்தில் இருக்கும். அவுட்லுக் என்றால் மணிக்குப் பக்கத்தில் ஒரு நீளமான பெயர் இருக்கும். இரண்டும் இல்லாமல் வெட்டப்பட்ட படமாக இருந்தால் அதை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது. அனுப்பியவரிடம் கேட்பதுதான் ஒரே வழி.

நாம் ஓர் உதாரணப் படத்தை எடுத்துக்கொள்வோம். அவுட்லுக் ஜன்னல். வாராவாரம் வியாழக்கிழமை நடக்கும் மீட்டிங்கில் ஒரு நாளுக்கான பக்கம். தேதி `3/12/2026`, மணி `10:00 AM`, பக்கத்தில் `(UTC-05:00) Eastern Time (US & Canada)`. மேலே ஒரு வரி: `3 attendees accepted, 2 tentatively accepted, 0 declined.` அழைக்கப்பட்டவர்கள் ஆறு பேர். நியூஜெர்சியில் ஒருவர், சென்னையில் இருவர், லண்டன், சிங்கப்பூர், சிட்னியில் ஆளுக்கொருவர்.

தேதியிலேயே ஒரு சிக்கல். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். எனவே இது மார்ச் 12. நம் வழக்கப்படி படித்தால் டிசம்பர் 3 ஆகிவிடும். கிழமையை வைத்துச் சரிபார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் 2026-இல் மார்ச் 12-ம் வியாழன், டிசம்பர் 3-ம் வியாழன். இந்த ஆண்டு அந்த வழி அடைபட்டுவிட்டது. பக்கத்தில் இருக்கும் மணியின் எழுத்துமுறையும் மண்டலத்தின் பெயரும்தான் இது அமெரிக்கக் கணினி என்று காட்டிக்கொடுக்கின்றன.

இனி எட்டரை, ஏழரைச் சண்டைக்கு வருவோம். எட்டரை என்றவர் தப்பாகக் கணக்குப் போடவில்லை. படத்தில் `UTC-05:00` என்று இருக்கிறது. உலகப் பொது நேரத்துக்கு நியூஜெர்சி ஐந்து மணி நேரம் பின்னால், இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னால். இடைவெளி பத்தரை மணி நேரம். காலை பத்தோடு பத்தரையைக் கூட்டினால் இரவு எட்டரை. கணக்கு சுத்தம், விடை தப்பு.

ஏனென்றால் அந்த `-05:00` மாறவே மாறாத ஒரு லேபிள். அவுட்லுக் தன் பட்டியலை விண்டோஸிலிருந்து எடுக்கிறது. அதில் ஒவ்வொரு மண்டலத்தின் பெயருக்கு முன்னாலும் அந்த ஊரின் குளிர்கால நேரம், அதாவது வழக்கமான நேரம் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். கோடையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தாலும் அந்த எழுத்து அப்படியே நிற்கும். உள்ளுக்குள் அவுட்லுக் சரியாகத்தான் கணக்குப் போடுகிறது. திரையில் எழுதியிருப்பதை நம்பிக் கணக்குப் போடும் மனிதர்தான் மாட்டிக்கொள்கிறார். நம் ஊர் லேபிளான `(UTC+05:30) Chennai, Kolkata, Mumbai, New Delhi` நம்மை ஒருநாளும் ஏமாற்றாது. இந்தியாவில் கோடை நேரம் கிடையாது. அதனால்தான் மற்ற ஊர் லேபிளையும் அதே நம்பிக்கையோடு படித்துவிடுகிறோம். கூகுளின் `GMT-04` அப்படியல்ல. திரையில் இருக்கும் வாரத்துக்கு உண்மையான இடைவெளி எதுவோ அதையே காட்டும்.

அமெரிக்காவில் கோடை நேரம் மார்ச் மாத இரண்டாவது ஞாயிறன்று தொடங்குகிறது. 2026-இல் அது மார்ச் 8. மீட்டிங் நடக்கும் 12-ஆம் தேதி நியூஜெர்சி நான்கு மணி நேரம்தான் பின்னால். இடைவெளி ஒன்பதரை. சென்னையில் இரவு ஏழரை. எட்டரைக்கு வருபவர் உள்ளே நுழையும்போது மீட்டிங் முடிந்திருக்கும். முந்தின வாரம், மார்ச் 5 அன்று, இதே மீட்டிங் சென்னையில் எட்டரைக்குத்தான் நடந்திருக்கும் என்பதால் அவருக்குச் சந்தேகமே வராது. மேலாளர் அழைப்பில் கைவைக்கவே இல்லை. அவருக்கு எல்லா வாரமும் காலை பத்து மணிதான். தொடர் மீட்டிங் அதை உருவாக்கியவரின் ஊரோடு கட்டப்பட்டிருக்கிறது; அந்த ஊர் கடிகாரம் நகர்ந்தால் மற்ற எல்லோரும் நகர வேண்டியதுதான்.

மேலாளரே செய்தியில் "10 AM EST" என்று தட்டியிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். கணக்குப்படி `EST` என்பது குளிர்கால நேரம், கோடையில் `EDT`. ஆனால் அமெரிக்கர்கள் பலர் பழக்கதோஷத்தில் ஆண்டு முழுக்க `EST` என்றே எழுதுவார்கள். நாமும் `IST` என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் இஸ்ரேல் நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துதான். எழுத்துகளை விட்டுவிட்டு "சென்னை இரவு 7.30", "நியூஜெர்சி காலை 10" என்று ஊர்ப்பெயரைப் போட்டு எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது மற்ற ஊர்களுக்கும் அதே மார்ச் 12-ஐக் கணக்கிட்டுப் பார்க்கலாம். லண்டனில் வழக்கமாக இந்த மீட்டிங் பிற்பகல் மூன்று மணிக்கு. ஆனால் பிரிட்டன் கோடை நேரத்துக்கு மாறுவது மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, அதாவது 29-ஆம் தேதி. அதுவரை லண்டன் நின்ற இடத்தில் நிற்க, அமெரிக்கா நகர்ந்துவிட்டது. ஆக மார்ச் 12, 19, 26 மூன்று வியாழன்களிலும் அங்கே மீட்டிங் இரண்டு மணிக்கு. ஏப்ரல் 2 அன்று பழையபடி மூன்று. சிங்கப்பூரில் இரவு பத்து. சிட்னியில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி. அங்கே அப்போது வெள்ளிக்கிழமை, மார்ச் 13 பிறந்துவிட்டிருக்கும்.

உள்ளூர் மணியைக் கணக்கிடாமல் பதில்களைப் படிக்கக் கூடாது என்பது என் கட்சி. படத்தில் இரண்டு பேர் `Tentative` என்று சொல்லியிருக்கிறார்கள்: லண்டன்காரரும் சிட்னிக்காரரும். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சிட்னிக்காரர் இரவு ஒரு மணிக்கு உட்கார வேண்டியவர். அவருடைய 'பார்க்கலாம்' என்பதை நான் மரியாதையான 'முடியாது' என்றே எடுத்துக்கொள்வேன். லண்டன்காரர் கதை வேறு. போன வாரம்வரை மூன்று மணிக்கு ஒழுங்காக வந்தவர் இந்த வாரம் இழுக்கிறார் என்றால், இரண்டு மணிக்கு அவருக்கு வேறு வேலை ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அவருக்கு மூன்று வாரத்துத் தொந்தரவு. ஏப்ரலில் தானாகச் சரியாகிவிடும். சிட்னிக்காரருக்கு அப்படி விடிவு இல்லை. ஏப்ரல் 5-க்குப் பிறகு அங்கே கோடை நேரம் முடிந்து மீட்டிங் சரியாக நள்ளிரவு பன்னிரண்டுக்கு வந்து நிற்கும். ஒருவரிடம் மூன்று வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம், இன்னொருவருக்காக மீட்டிங் நேரத்தையே மாற்ற வேண்டும்.

அவர்கள் காரணத்தை எழுதியே அனுப்பியிருக்கலாம். அவுட்லுக்கில் `Tentative` சொல்லும்போதே ஒரு வரி எழுதலாம், அந்த ஒரு நாளுக்கு வேறு நேரத்தையும் கேட்கலாம். ஆனால் அதெல்லாம் மேலாளரின் மின்னஞ்சலுக்குப் போகும். படத்தில் வராது.

மேலே இருந்த எண்ணிக்கையை இன்னொரு முறை பாருங்கள். மூன்று, இரண்டு, பூஜ்யம். கூட்டினால் ஐந்து. அழைக்கப்பட்டவர்கள் ஆறு. பதிலே சொல்லாதவரை அந்த வரி கணக்கில் சேர்ப்பதில்லை; பெயர்களை எண்ணிக் கழித்தால்தான் தெரியும். `Tracking` பக்கத்தைத் திறந்தால் சிங்கப்பூர்க்காரர் பெயருக்கு நேராக `None` என்று இருக்கும்.

இவரைப் பற்றி இன்னொரு குழப்பமும் உண்டு. அழைப்பு வந்து சேர்ந்ததுமே, அவர் அதைத் திறக்காவிட்டாலும், அவுட்லுக் அதை அவர் காலண்டரில் தற்காலிகமாகப் போட்டுவைக்கிறது. வேறு யாராவது `Scheduling Assistant` வழியாக அவர் அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கிறாரா என்று பார்த்தால் சாய்கோடு போட்ட பட்டை தெரியும். உண்மையாகவே `Tentative` சொன்னவருக்கும் அதே சாய்கோடுதான். அந்தப் பக்கத்தின் படத்தை வைத்துக்கொண்டு "மூன்று பேர் வரலாம் என்றிருக்கிறார்கள்" என்று சொன்னால், அதில் ஒருவர் அழைப்பைப் பார்க்கவே இல்லாமல் இருக்கலாம். கூகுள் காலண்டர் இந்த விஷயத்தில் தேவலை. பதில் சொல்லாத அழைப்பை வெறும் கோட்டுக் கட்டமாகவும், `Maybe` சொன்னதைச் சாய்கோடாகவும் பிரித்துக் காட்டுகிறது.

படத்தில் `Required`, `Optional` என்ற பிரிவு தெரிந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லாத சிங்கப்பூர்க்காரர் `Optional` என்றால் விட்டுவிடலாம். கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தான் என்றால் ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.

இலையுதிர் காலத்தில் இதே கூத்து தலைகீழாக, ஆனால் சுருக்கமாக நடக்கும். பிரிட்டன் அக்டோபர் 25-லேயே பழைய நேரத்துக்குத் திரும்பிவிடும். அமெரிக்கா நவம்பர் 1 வரை திரும்பாது. இடையில் சிக்குவது அக்டோபர் 29 என்ற ஒரே ஒரு வியாழன்தான். அன்று லண்டனில் மீட்டிங் மறுபடி இரண்டு மணிக்கு வரும். அந்த வாரம் லண்டன்காரர் பெயருக்கு நேராக மறுபடியும் `Tentative` முளைத்தால் மேலாளர் காரணம் கேட்க வேண்டியிருக்காது.