பளபளக்கும் பாத்திரம் சொல்வது என்ன?

அலுமினியப் பாத்திரத்தில் நாள்தோறும் வெந்நீர் வைத்தால், அதன் உட்புறம் மெல்லக் கறுத்துவிடும். அதே பாத்திரத்தில் ஒருநாள் புளிக்குழம்பைக் கொதிக்கவைத்தால், கறுமை நீங்கி உட்புறம் பளபளக்கும். தேய்க்காமலே வந்த இந்தப் பளபளப்பைத் தூய்மை எனக் கொள்ளல் ஆகாது. பாத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து நீங்கியது குழம்பில் கலந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

கவசம் கரையும் விதம்

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் ஆக்சைடு என்னும் மெல்லிய படலத்தைத் தன்மேல் உருவாக்கிக்கொள்கிறது. இப்படலமே உலோகத்தைக் காக்கும் கவசம். சோறு, பருப்பு, பால் போன்றவற்றால் இதற்குப் பெருந்தீங்கு நேர்வதில்லை. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமோ இப்படலத்தைக் கரைப்பதோடு, வெளிப்படும் அலுமினியத்தைப் பற்றிக்கொண்டு நீரில் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. குழம்பிலுள்ள உப்பு, உலோகத்தில் ஊசிமுனை போன்ற சிறு குழிகளை உண்டாக்குகிறது. வெப்பமும் நேரமும் கூடக்கூடக் கரைதலும் கூடும். ஆகவே, கால்மணி நேரம் கொதித்த குழம்பை அதே பாத்திரத்தில் மறுநாள்வரை வைத்திருந்தால், கரையும் அளவு மேலும் உயர்கிறது. தக்காளி, எலுமிச்சை, மோர்க்குழம்பு, ஊறுகாய் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

எவ்வளவு தீங்கு?

அளவறிந்து அஞ்சுதலே அறிவுடைமை. உணவில் சேரும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே உடல் ஈர்க்கிறது. அதனையும் நலமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம் என்பது, பன்னாட்டு உணவு வல்லுநர் குழு 2011இல் வகுத்த வரம்பு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, எல்லா உணவுகளிலிருந்தும் சேர்வது வாரம் 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். எனவே, ஒருவேளைக் குழம்பு நஞ்சாகிவிடாது. ஆயினும் சிறுநீரகம் பழுதுற்றோர் உடலில் அலுமினியம் தங்கி, எலும்பையும் மூளையையும் தாக்கக்கூடும். பழைய உலோகத்தை உருக்கி வார்த்த தரமற்ற பாத்திரங்களில் காரீயமும் கலந்திருக்கலாம். புளிப்பு அதனையும் கரைத்துவிடும். காரீயமோ சிறிதளவாயினும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது.

எதில் சமைப்பது?

புளியை ஊறவைக்கவும் கொதிக்கவைக்கவும் எவர்சில்வர், மெருகிடாத மண்சட்டி, கல்சட்டி ஆகியன ஏற்றவை. ரசத்துக்குப் பயன்படும் ஈயச்சொம்பு தூய வெள்ளீயத்தால் ஆனதாக இருத்தல் வேண்டும். காரீயக் கலப்புடையது ஆகாது. பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசிய ஈயம் தேய்ந்து மஞ்சள் நிறம் தெரிந்தால், மீண்டும் பூசும்வரை அதில் புளிப்பைச் சமைத்தல் கூடாது.

அலுமினியப் பாத்திரத்தை எறிந்துவிட வேண்டுவதில்லை. நீர் காய்ச்சவும் இட்லி அவிக்கவும் அது போதும். அதில் புளிப்பைச் சமைக்க நேர்ந்தால், இறக்கியவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுதல் நலம்.