துளையின் பெயர், கேபிளின் நீளம்: சர்வர் அறையில் பழுது தேடும் வழி

சர்வர் அறை ரேக்கில் பொருத்தப்பட்டிருக்கும் பேட்ச் பேனல் பெரும்பாலும் மின்சாரமே தேவைப்படாத ஓர் இணைப்புப் பலகை. முன்பக்கம் வழக்கமாக 24 துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையின் பின்னாலும் ஒரு கேபிள் பொருத்தப்பட்டு, பொய்க்கூரைக்கு மேலாகவும் சுவருக்குள்ளும் போய் ஏதோ ஒரு மேசையருகே உள்ள சுவர்ப் பாயிண்ட்டில் முடியும். முன்பக்கத்திலிருந்து பேட்ச் கார்டு என்னும் குட்டிக் கேபிள் ஸ்விட்சுக்குப் போகும். பின்னால் உள்ள கேபிள் பல ஆண்டுகள் அசையாமல் கிடக்கும். முன்னால் உள்ள பேட்ச் கார்டோ, ஆள் இடம் மாறும் போதெல்லாம் தானும் இடம் மாறும். லேபிள் ஒட்டும் முறை இந்த வேறுபாட்டை ஒட்டியே அமைய வேண்டும்.

அசையாத கேபிளுக்கு அது இருக்கும் இடமே பெயராகிறது. டி.ஐ.ஏ. 606 என்ற அமெரிக்கத் தர விதி காட்டும் வழியில் 2A-B07 என்று எழுதினால் இரண்டாம் தளம், அங்குள்ள A அறை, B பேனல், ஏழாவது துளை என்று பொருள். இதே பெயர் பேனலின் முகப்பிலும், சுவர்ப் பாயிண்ட்டின் மேலும், கேபிளின் இரு முனைகளிலும் இருக்க வேண்டும். கேபிளில் ஒட்டும் லேபிள், முனையிலிருந்து 30 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. சுவருக்கு வெள்ளையடிக்கும்போது பாயிண்ட்டின் மூடி மாறிப்போனாலும் உள்ளே கேபிளின் மேல் பெயர் இருக்கும். 'கணக்குப் பிரிவு', 'மேலாளர்' என்று எழுதி ஒட்டுவது பரவலான தவறு. கணக்குப் பிரிவு மாடி மாறிய அன்றே அந்த லேபிள் பொய்யாகிவிடுகிறது. பொய்யான லேபிள், லேபிளே இல்லாததைவிடக் கெடுதல்.

யார் எங்கே உட்காருகிறார், எந்தத் துளை எந்த ஸ்விட்ச் போர்ட்டில் சேர்கிறது என்பதெல்லாம் பதிவேட்டுக்கு உரியவை. ஒரு கேபிளுக்கு ஒரு வரி போதும்: அதன் பெயர், எந்த அறையில் முடிகிறது, எந்த வழியாகப் போகிறது, ஸ்விட்ச் போர்ட் எண், கேபிளின் நீளம். கடைசியாகச் சொன்ன நீளத்தைப் பலரும் குறித்து வைப்பதில்லை. கேபிள் போட்ட அன்று சோதனைக் கருவி காட்டிய நீளத்தை அப்படியே எழுதிவைத்தால் போதும். ஸ்விட்சின் உள்ளேயும் அதே பெயரைப் பதியலாம். சிஸ்கோ ஸ்விட்ச் என்றால் இப்படி:

```
interface GigabitEthernet1/0/17
 description 2A-B07
```

நீளம் எப்படி உதவுகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். இரண்டாம் தளத்தில் ஒரு கணினிக்கு இணைப்பு அறுந்துவிட்டது. அங்கிருப்பவர் சுவரைப் பார்த்து 2A-B07 என்று தொலைபேசியில் சொல்கிறார். பதிவேட்டின்படி அது 17-ஆம் போர்ட். அதன் விளக்கு எரியவில்லை. ஸ்விட்ச் கேபிளுக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு, கம்பி எந்தத் தொலைவில் அறுந்திருக்கிறது என்று கணக்கிடும். இந்த வசதி எல்லா ஸ்விட்சிலும் இருக்காது.

```
test cable-diagnostics tdr interface gi1/0/17
show cable-diagnostics tdr interface gi1/0/17
```

பதிவேட்டில் கேபிள் 46 மீட்டர், பேட்ச் கார்டு 2 மீட்டர். சோதனை 48 மீட்டர் அளவில் முறிவைக் காட்டினால் கேபிளில் குறை இல்லை. சுவர்ப் பாயிண்ட்டில் செருகிய கார்டு கழன்றிருக்கிறது. 2 மீட்டரை ஒட்டிக் காட்டினால் பேட்ச் கார்டிலோ பேனலிலோதான் குறை. கார்டை மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே நான்கு ஜோடிக் கம்பிகளும் 31 மீட்டரில் அறுந்திருப்பதாகக் காட்டுகிறது. கார்டின் 2 மீட்டரைக் கழித்தால், பேனலிலிருந்து 29 மீட்டர். பதிவேட்டில் உள்ள வழித்தடப்படி அந்த இடம் கூட்ட அறையின் கூரைக்கு மேலே வருகிறது. அங்கே முந்தைய நாள் ஏ.சி. குழாய் வேலை நடந்திருக்கிறது. தொலைவுக் கணக்கு சில மீட்டர் முன்பின் ஆகலாம் என்பதால் ஒரு பலகையை மட்டும் கழற்றாமல் பக்கத்துப் பலகைகளையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனாலும் தேடல் ஒரே அறைக்குள் அடங்கிவிடுகிறது. 46 என்ற எண் எழுதப்படாமல் இருந்திருந்தால், 31 மீட்டர் என்பது கேபிளின் நடுவா, கடைசியா என்றே சொல்ல முடியாது.

பதிவேடு பழுதாவது பேட்ச் கார்டுகளால்தான். அவசரத்தில் ஒரு கார்டை 17-இலிருந்து 19-க்கு மாற்றுகிறார்கள். எழுதுவதை நாளைக்குத் தள்ளுகிறார்கள். அதனால் கார்டின் மேல் போர்ட் எண்ணை எழுதாமல், இரு முனைகளிலும் ஒரே தொடர் எண்ணை ஒட்டுவது மேல். ஐம்பது கார்டுகள் பின்னிக்கிடக்கும் ரேக்கில், ஒன்றை இழுத்துப் பார்க்காமலே அதன் மறுமுனையை இதனால் கண்டுபிடிக்கலாம். இடம் மாறினாலும் லேபிளைக் கிழிக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை ஏதேனும் பத்துத் துளைகளை எடுத்துப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று பொருந்தாமல் போனால் அந்த ரேக் முழுவதையும் மறுபடி சரிபார்த்து எழுதுவதே வழி.