ஏ.சி. குழாய்க்கு நைட்ரஜன் எதற்கு?

வீடு மாறும்போது ஏ.சி.யையும் கழற்றிக்கொண்டு போகிறோம். புது வீட்டில் அவுட்டோர் யூனிட்டுக்கு மொட்டைமாடியில்தான் இடம் என்றால் பழைய செம்புக் குழாய் எட்டாது. மெக்கானிக் புதுக் குழாயை ஒட்டி நீளத்தைக் கூட்டுவார். இந்த ஒட்டு வேலைதான் பிரேசிங். நம் ஊரில் பலரும் இதைக் ‘கேஸ் வெல்டிங்’ என்றே சொல்கிறார்கள். ஒன்றரை டன் ஏ.சி.க்குப் பெரும்பாலும் கால் அங்குலத்தில் ஒன்றும் அரை அங்குலத்தில் ஒன்றுமாக இரண்டு குழாய்கள் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கப்ளிங், கப்ளிங்குக்கு இரண்டு முனை. ஆக நான்கு இடத்தில் தீ காட்ட வேண்டும். பிறகு அவை சுவருக்குள் போய்விடும், மேலே சிமென்ட் பூசிவிடுவார்கள்.

அந்த நான்கு ஒட்டுகளும் பல வருடம் தாங்குமா என்பது நைட்ரஜன் சிலிண்டரை இருமுறை பயன்படுத்துவதில் இருக்கிறது. ஒட்டும்போது ஒரு முறை, ஒட்டி முடித்த பிறகு ஒரு முறை. முதல் முறை அது மெல்ல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் முறை வெளியே போக வழியில்லாமல் பெரிய அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்க வேண்டும்.

செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். ஒட்டப் பயன்படும் கம்பி செம்பும் பாஸ்பரஸும் சேர்ந்த கலவை. அது 700 டிகிரியைத் தாண்டியதுமே உருகத் தொடங்கும். குழாயை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சுடவைத்துக் கம்பியைத் தொட்டால், அது உருகிக் குழாய்க்கும் கப்ளிங்குக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளிக்குள் தானே இழுபட்டுப் போய் நிரம்பும்.

அந்தச் சூட்டில் செம்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கறுக்கிறது. வெளிப்பக்கக் கறுப்பால் கெடுதல் இல்லை, தேய்த்தால் போய்விடும். குழாயின் உள்ளேயும் காற்று இருக்கிறதே, அங்கும் அதே கறுப்பு படிகிறது. அது செம்பு ஆக்சைடு. மெல்லிய செதில்களாகப் பெயர்ந்துவரக்கூடியது. ஏ.சி. ஓடத் தொடங்கியதும் கேஸும் அதோடு சுற்றிவரும் கம்ப்ரஸர் எண்ணெயும் இந்தச் செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி எடுத்துக்கொண்டு போகும். ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற கேஸ்களோடு வரும் செயற்கை எண்ணெய்க்கு இப்படிக் கழுவும் குணம் பழைய மினரல் எண்ணெயைவிட அதிகம்.

செதில்கள் போய்ச் சேரும் இடம் ஃபில்டர் அல்லது கேபிலரி. கேபிலரியின் துளை ஓரிரு மில்லிமீட்டர்தான். அங்கே தேங்கினால் கேஸ் போகும் வழி சுருங்கும். மெக்கானிக்குகள் இதைச் ‘சோக்’ என்பார்கள். குளிர்ச்சி குறையும். அடைப்பைத் தாண்டியதும் குழாய் சில்லிட்டு, சில சமயம் அதன்மேல் பனியும் படியும். மீட்டரில் அழுத்தம் குறைவாகக் காட்டுவதால் ‘கேஸ் கம்மி’ என்று நினைத்து மேலும் கேஸ் ஏற்றுவதும் உண்டு. அடைப்போ அப்படியே இருக்கும், கம்ப்ரஸரின் பாடுதான் கூடும்.

இதைத் தடுக்கத்தான் சூடாகும் குழாய்க்குள் நைட்ரஜனை ஓடவிடுகிறார்கள். பிரேசிங் சூட்டில் நைட்ரஜன் செம்போடு சேராது. உள்ளே இருக்கும் காற்றை அது வெளியே தள்ளிவிட்டால், கறுப்பு உண்டாக ஆக்சிஜன் இருக்காது. ரெகுலேட்டர் வழியாகக் குழாயின் ஒரு முனையில் நைட்ரஜனைக் கொடுத்து, மறுமுனையைத் திறந்து வைப்பார்கள். முதலில் சற்று வேகமாக விட்டுக் காற்றை வெளியேற்றிவிட்டு, நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் என்ற அளவுக்குக் குறைப்பார்கள். திறந்த முனையில் புறங்கையைக் காட்டினால் லேசான காற்று படும், அவ்வளவு போதும்.

மறுமுனை மூடியிருந்தாலோ ஓட்டம் மிஞ்சினாலோ உள்ளே அழுத்தம் ஏறி, உருகிய கம்பியை வெளியே தள்ளும். ஒட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். தீயை அணைத்ததும் நைட்ரஜனை நிறுத்திவிடவும் கூடாது. குழாய் ஆறும்வரை ஓட வேண்டும். சூடாக இருக்கும் செம்பைத் தேடிக் காற்று உள்ளே வந்தால் மீண்டும் கறுக்கும்.

இந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மிச்சமான குழாய்த் துண்டுகள் இரண்டை அதே முறையில் ஒட்டச் சொல்லி, நீளவாக்கில் அறுத்துப் பார்க்கலாம். உட்புறம் செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் வேலை சரி. கரி பூசியதுபோல் இருந்தால் நைட்ரஜன் போகவில்லை.

இனி இரண்டாம் வேலை. ஏ.சி. நின்றிருக்கும்போதே, 40 டிகிரி வெயிலில் ஆர்-32 கேஸின் அழுத்தம் ஏறக்குறைய 345 பி.எஸ்.ஐ. இருக்கும். ஓடும்போது அழுத்தப் பக்கத்தில் அதைவிடக் கூடும். ஆகவே சோதனையையும் அதற்கு மேலான அழுத்தத்தில் செய்ய வேண்டும். எவ்வளவு என்பதை யூனிட்டின் பலகையும் தயாரிப்பாளரின் கையேடும் சொல்லும். ஆர்-32 யூனிட்கள் பலவற்றில் இது 600 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருக்கும். நிரம்பிய சிலிண்டருக்குள் 2,000 பி.எஸ்.ஐ. அளவுக்கு இருப்பதால் ரெகுலேட்டர் இல்லாமல் திறப்பது ஆபத்து.

அவுட்டோர் யூனிட்டின் வால்வுகள் மூடியிருக்க, குழாய்க்கும் இண்டோர் காயிலுக்கும் மட்டும் நைட்ரஜன் ஏற்றுவார்கள். முதலில் 75 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். அடுத்து 220, மறுபடி ஐந்து நிமிடம். பிறகுதான் முழு அளவு. பெரிய கசிவு இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். முழு அழுத்தத்தில் ஒவ்வொரு ஒட்டுக்கும், ஃபிளேர் நட்டுக்கும் சோப்பு நுரை தடவுவார்கள். கசிந்தால் குமிழி வரும்.

அதன்பின் ஒரு நாள் அப்படியே விட்டுவைக்க வேண்டும். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. மாலையில் 38 டிகிரியில் 600 பி.எஸ்.ஐ. வைத்தோம் என்று கொள்வோம். மறுநாள் விடியற்காலையில் 26 டிகிரி. மீட்டர் 576 காட்டுகிறது. கசிவா? இல்லை. குளிர்ந்தால் வாயுவின் அழுத்தம் குறையும். இதைக் கணக்கிட, மீட்டர் காட்டும் அளவோடு வளிமண்டல அழுத்தம் 15-ஐயும் வெப்பநிலையோடு 273-ஐயும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 615-ஐ 299-ஆல் பெருக்கி 311-ஆல் வகுத்தால் 591. அதிலிருந்து 15-ஐக் கழித்தால் 576. குறைந்த 24-ம் வெப்பநிலையால் குறைந்ததுதான். அதே காலையில் மீட்டர் 550 காட்டியிருந்தால் எங்கோ கசிகிறது.

வேக்கம் பம்ப் போட்டுப் பார்த்தாலே போதாதா என்று சிலர் கேட்பார்கள். வேக்கத்தில் ஒட்டின்மேல் விழும் அழுத்த வித்தியாசம் 15 பி.எஸ்.ஐ.தான், அதுவும் வெளியிலிருந்து உள்ளே. 600-ஐ உள்ளிருந்து தாங்குமா என்பதை அது சொல்லாது. நைட்ரஜனை வெளியேற்றியபின் மிச்ச வாயுவையும் ஈரத்தையும் நீக்க வேக்கம் அவசியம், ஆனால் இந்தச் சோதனைக்கு அது மாற்றில்லை.

நைட்ரஜன் சிலிண்டர் கையில் இல்லையென்று பிரேசிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜனை ஏற்றவே கூடாது. அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். சாதாரணக் காற்றை அடித்தால் அதோடு ஈரமும் ஆக்சிஜனும் உள்ளே போகும்.

ஆகவே சுவர் பூசும் கொத்தனாரை ஒரு நாள் கழித்து வரச் சொல்லுங்கள். மாலையில் மீட்டர் காட்டிய அளவையும் அப்போதைய வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, மறுநாள் மீண்டும் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தபிறகு பூசலாம். ஒத்துவராவிட்டால் ஒட்டு கண்ணெதிரே இருக்கும்போதே சரிசெய்துவிடலாம், சுவரை இடிக்க வேண்டியிருக்காது.