இரண்டே கிளிக்கில் கிடைக்க வேண்டும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் கல்லூரி இணையதளத்துக்கு வருகிற பெற்றோருக்கு வேண்டியவை மூன்று: என்னென்ன பாடப்பிரிவுகள் உண்டு, கட்டணம் எவ்வளவு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது? ஆனால் பல கலை அறிவியல் கல்லூரிகளின் மேல் மெனுவில் அவர்கள் பார்ப்பது வேறு. ‘எங்களைப் பற்றி’, ‘நிர்வாகம்’, ‘கல்விசார்’, ‘ஐக்யூஏசி’, ‘நாக்’, ‘மாணவர் பகுதி’, ‘பதிவிறக்கம்’, ‘விரைவு இணைப்புகள்’ என்று வரிசை நீள்கிறது. கட்டணம் இவற்றில் எதற்குள் இருக்கும்? ‘நிர்வாக’த்தில் இருக்கலாம், ‘கல்விசார்’ பகுதியில் இருக்கலாம், ‘பதிவிறக்க’த்தில் ஒரு பிடிஎஃப் கோப்பாகவும் இருக்கலாம். பெற்றோர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

இந்த மெனு இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. தர மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்ட வேண்டிய ஆவணங்கள் தளத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு துறையும் தனக்கென ஓர் இடம் கேட்கும். ஆக, கல்லூரி உள்ளுக்குள் எப்படிப் பிரிந்து இயங்குகிறதோ, அதே பிரிவினை மெனுவிலும் ஏறிவிடுகிறது. வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

எதையும் இரண்டு கிளிக்கில் எட்ட வைப்பது பெரும்பாலான சிறு தளங்களுக்கு முடியக்கூடிய காரியம்தான். மேலே எட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் எட்டுப் பக்கங்கள் என்று வைத்தால் 64 பக்கங்கள் இரண்டு கிளிக்குக்குள் அடங்கிவிடும். 1984-இல் கைகர் என்ற ஆய்வாளர் இதே 64 என்ற எண்ணை வைத்து மெனுக்களைப் பலவிதமாக அடுக்கிச் சோதித்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டே தேர்வுகள் தந்து ஆறு படி இறங்க வைத்த அமைப்பு மிக மோசமாக இருந்தது. எட்டுக்கு எட்டு என்ற இரண்டு படி அமைப்பு நன்றாக வேலை செய்தது. 1998-இல் மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த கெவின் லார்சனும் மேரி செர்வின்ஸ்கியும் 512 பக்கங்களை வைத்து இதைச் சோதித்தார்கள். மூன்று படிகளாக எட்டெட்டாகப் பிரித்ததைவிட, முதலில் 16, அடுத்து 32 என்று இரண்டே படிகளில் விரித்துவைத்தபோது மக்கள் விரைவாகக் கண்டுபிடித்தார்கள்.

மெனுவில் ஏழு பெயர்களுக்கு மேல் கூடாது என்று சிலர் சொல்வதுண்டு. மனித நினைவு ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஏழு செய்திகளைத் தாங்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதியதை இதற்கு ஆதாரம் காட்டுவார்கள். ஆனால் மெனுவை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. அது கண்முன்னே இருக்கிறது. பெயர்கள் தெளிவாக இருந்தால் ஒன்பதோ பத்தோ இருப்பதால் கெடுதல் இல்லை.

எண்ணிக்கையைவிட முக்கியமானது முதல் கிளிக். 2003-இல் ஜோஷுவா போர்ட்டர் வெளியிட்ட ஆய்வில் 44 பேர் 620 தேடல்களைச் செய்தார்கள். கிளிக்குகள் கூடியதால் மட்டும் அவர்கள் தேடலைக் கைவிடவில்லை, அதிருப்தி அடையவும் இல்லை. 2009-இல் பாப் பெய்லியும் காரி வுல்ஃப்சனும் வேறொன்றைக் காட்டினார்கள். முதல் கிளிக் சரியான இடத்தில் விழுந்தவர்களில் 87 சதவீதம் பேர் தேடியதைக் கண்டடைந்தார்கள். தவறான இடத்தில் விழுந்தபோது 46 சதவீதம் பேர்தான் கண்டடைந்தார்கள். தவறான கதவைத் திறந்தவருக்கு இரண்டு கிளிக் என்ற கணக்கு அங்கேயே முறிந்துவிடுகிறது. எனவே அடுக்குவதற்கு முன் பெயர்களைச் சரிசெய்ய வேண்டும்.

அந்தக் கல்லூரியின் மெனுவையே திருத்திப் பார்க்கலாம். முதல் வேலை, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பட்டியல் போடுவது. அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவரிடமும், தளத்தின் தேடல் பெட்டியில் பதிவான சொற்களிலும் அந்தப் பட்டியல் தயாராகவே இருக்கும். அடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, கல்லூரிக்குச் சம்பந்தமில்லாத பதினைந்து பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, சேர்ந்திருக்க வேண்டியவற்றைச் சேர்த்து வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குவியலுக்கும் அவர்களையே பெயர் வைக்கச் சொன்னால், மெனுவுக்கு வேண்டிய சொற்கள் அவர்கள் வாயிலிருந்தே வரும்.

இப்படித் திருத்திய மெனு ஏறக்குறைய இவ்வாறு அமையும்: ‘சேர்க்கை’, ‘பாடப்பிரிவுகள்’, ‘கட்டணமும் உதவித்தொகையும்’, ‘தேர்வும் முடிவும்’, ‘சான்றிதழ்கள்’, ‘விடுதியும் பேருந்தும்’, ‘கல்லூரி பற்றி’, ‘தொடர்புக்கு’. ‘மாணவர் பகுதி’ போய்விட்டது. கல்லூரியில் எல்லாமே மாணவருக்கானவைதான் என்பதால் அந்தப் பெயர் எதையும் பிரித்துக் காட்டவில்லை. ‘பதிவிறக்க’மும் போய்விட்டது. அது கோப்பின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. விண்ணப்பப் படிவம் ‘சேர்க்கை’க்குள்ளும், மாற்றுச் சான்றிதழ் கோரும் படிவம் ‘சான்றிதழ்க’ளுக்குள்ளும் சேர்ந்தன. தர மதிப்பீட்டு ஆவணங்கள் ‘கல்லூரி பற்றி’ என்பதன் கீழ் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மதிப்பீட்டுக் குழுவினரும் அவற்றை இரண்டே கிளிக்கில் அடைந்துவிடுவார்கள்.

சில பக்கங்கள் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். விடுதிக் கட்டணத்தை ‘கட்டண’த்திலும் தேடுவார்கள், ‘விடுதி’யிலும் தேடுவார்கள். அதற்காக ஒரே பக்கத்தை இரண்டாக நகலெடுக்கக் கூடாது. அடுத்த ஆண்டு ஒன்றில் மட்டும் தொகை மாறி, மற்றொன்றில் பழைய தொகையே நின்றுவிடும். பக்கம் ஓரிடத்தில் இருக்கட்டும், இணைப்பு இரண்டு இடத்திலும் இருக்கட்டும். மெனுவில் உள்ள பெயரே அந்தப் பக்கத்தின் தலைப்பாகவும் வர வேண்டும். ‘விடுதிக் கட்டணம்’ என்பதை அழுத்தியவருக்கு ‘உறைவிடச் செலவின விவரம்’ என்ற தலைப்பு தெரிந்தால், தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போய்விடுவார்.

தளத்தில் ஏற்றுவதற்கு முன் இதைக் காகிதத்திலேயே சோதிக்கலாம். மேல் மெனுவை ஒரு தாளிலும், ஒவ்வொரு துணைமெனுவைத் தனித்தனித் தாளிலும் எழுதிக்கொண்டு, “ஐந்து வருஷத்துக்கு முன்னாடி படிச்ச உங்க தம்பிக்கு மாற்றுச் சான்றிதழ் நகல் வேணும், எங்கே தொடுவீங்க?” என்பது போன்ற பத்துக் கேள்விகளைக் கேட்க வேண்டும். கேள்வியில் மெனுவின் சொல்லே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தக் கேள்வியில் ‘சான்றிதழ்’ என்ற சொல் இருப்பதால் விடையையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. “வேற காலேஜ்ல சேரணும்னா இங்கேயிருந்து என்ன வாங்கணும்?” என்று கேட்டால்தான் உண்மை தெரியும். பலரும் ஒரே தவறான இடத்தைத் தொட்டால், பெரும்பாலும் பக்கத்தைத்தான் அங்கே மாற்ற வேண்டும். ஆளுக்கொரு இடத்தைத் தொட்டால் பெயர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பொருள்.

செல்பேசியில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். மூன்று கோடு போட்ட குறியை அழுத்தினால்தான் மெனுவே திறக்கிறது. அதுவே ஒரு தொடுகை. அதனால் அதிகம் தேடப்படும் மூன்று நான்கு பெயர்களை முகப்பிலேயே பட்டையாக வைப்பது உதவும். சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் துணைமெனு செல்பேசியில் பயன்படாது, அங்கே சுட்டியே இல்லை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட பல்கலைக்கழகத் தளமோ அரசுத் தளமோ எல்லாவற்றையும் இரண்டு கிளிக்குக்குள் அடக்க முடியாது. அங்கே அடிக்கடி தேடப்படுபவற்றை மட்டும் இரண்டு கிளிக்குக்குள் வைத்து, மற்றவற்றைத் தேடல் பெட்டியிடம் விட்டுவிட வேண்டும்.

கல்லூரியோ கடையோ சங்கமோ, சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே வெளியாள் ஐந்து பேரிடம் தங்கள் மெனுவைத் தாளில் எழுதிக் காட்டிக் கேட்டுப் பார்க்கட்டும். எந்தப் பெயரை முதலில் மாற்ற வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.